பணத்தைப் போடுவதற்கு முன்: உங்கள் தொழிலுக்கு என்ன அனுமதி தேவை என்று அறிந்துகொள்ளுங்கள்

மீள்குடியேறிய பின்னர் வாழ்வாதார உதவியாகவோ கடனாகவோ ஒரு தொகை உங்கள் கைக்கு வரும்போது, முதலில் இயந்திரமோ தகரமோ சீமெந்தோ வாங்கத்தான் மனம் ஓடும். அனுமதிப்பத்திரங்களைத் தொழில் தொடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சில தொழில்களுக்கு அது சரிவரலாம். ஆனால் உணவு, புகை, தூசி, இரைச்சல், கழிவுநீர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு தொடர்புள்ள தொழிலுக்கு அது சரிவராது. அந்தத் தொழில்களில் அனுமதி உங்களுக்கு மட்டும் தரப்படுவதில்லை, இடத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது. இடம் பொருந்தாவிட்டால், கட்டிய கொட்டிலையும் பூட்டிய இயந்திரத்தையும் கழற்ற வேண்டி வரும்.

இந்தக் கட்டுரையில் ஒரு தொழிலை மட்டும் எடுத்து விளக்குகிறோம். பல குடும்பங்கள் தெரிவு செய்யும் மிளகாய்த்தூள், கறித்தூள் தயாரிப்பே அது. உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளும் போக வேண்டிய ஒழுங்கும் ஏறக்குறைய இதேதான்.

ஒரே தொழில், மூன்று வடிவங்கள்

“தூள் தயாரித்து விற்கப் போகிறோம்” என்று மட்டும் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் சரியான பதில் கிடைக்காது. அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று வேறுவேறு தொழில்கள் இருக்கின்றன.

முதலாவது வடிவத்தில், செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் ஆகியவற்றை வீட்டில் வறுத்து, ஊரில் ஏற்கெனவே உள்ள மில்லில் அரைப்பித்து, அயலவர்கள் கேட்கும் அளவில் நிறுத்துக் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது வடிவத்தில், அதே தூளை 100 கிராம், 250 கிராம் பொதிகளில் அடைத்து, ஒரு பெயரையும் அச்சிட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறீர்கள்.

மூன்றாவது வடிவத்தில், நீங்களே அரைக்கும் இயந்திரத்தை வாங்கி உங்கள் வளவில் பூட்டுகிறீர்கள். உங்கள் தூளோடு மற்றவர்களின் மிளகாயையும் மல்லியையும் கூலிக்கு அரைத்துக் கொடுக்கிறீர்கள்.

முதலாவதில் உங்களுக்கு முக்கியமானவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நீங்கள் பீ.எச்.ஐ. என்று சொல்பவர் அவர்தான். இரண்டாவதில் அவரோடு வியாபாரப் பெயர்ப் பதிவும், பொதியில் ஒட்டும் சுட்டுத்துண்டுக்கான விதிகளும், பிரதேச சபையின் அனுமதிப்பத்திரமும் சேர்கின்றன. மூன்றாவதில் இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், மின் இணைப்பு, அயலவரின் ஆட்சேபணை ஆகியவை வந்துவிடும். ஆகவே எந்த வடிவம் என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே அலுவலகத்துக்குப் போங்கள்: என்ன தயாரிப்போம், மாதத்துக்கு எத்தனை கிலோ, எந்த இடத்தில், எந்த இயந்திரத்தால், எத்தனை பேர் வேலை செய்வார்கள், யாருக்கு விற்போம். இந்த ஆறு விடயங்களும் இருந்தால்தான் உத்தியோகத்தரால் உறுதியான பதில் சொல்ல முடியும்.

முதலில் பீ.எச்.ஐ.யைச் சந்தியுங்கள்

உணவோடு தொடர்புள்ள எந்தத் தொழிலுக்கும் முதற்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான். உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பீ.எச்.ஐ. வெளிக்களக் கடமையில் இருப்பவர் என்பதால், அவர் எந்த நாளில், எந்த நேரத்தில் பணிமனையில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவு தயாரிக்கும் இடத்தைப் பார்வையிடவும், உணவு மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும், குற்றம் கண்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இதனாலேயே பலர் அவரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். ஆனால் தொழில் தொடங்குவதற்கு முன்னர் நீங்களாகவே கூப்பிட்டு “இந்த இடத்தில் செய்யலாமா?” என்று கேட்டால், அவர் பிழை பிடிக்க வருபவராக அல்ல, வழி சொல்பவராகவே வருவார். குற்றம் செய்ய அங்கே இன்னும் எதுவும் இல்லை.

அவர் வந்தால் எவற்றைப் பார்ப்பார் என்று தெரிந்துவைத்திருங்கள். முதலாவது தண்ணீர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பாவிக்கப்படாமல் கிடந்த கிணறுகள் பல. இறைத்துக் குளோரின் இட்டிருந்தாலும் நீரின் மாதிரி பரிசோதிக்கப்பட வேண்டும். கிணற்றுக்கு அருகில் மலசலகூடக் குழி இருந்தால் அதையும் கவனிப்பார். தூள் தயாரிப்பில் தண்ணீர் சேராதே என்று நினைக்க வேண்டாம். மிளகாயும் மல்லியும் கழுவப்படுகின்றன, பாத்திரமும் கையும் கழுவப்படுகின்றன.

இரண்டாவது இடம். தரை கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். கூரையிலிருந்து தூசியும் பல்லி எச்சமும் விழக்கூடாது. யன்னலுக்கு வலை வேண்டும். எலி நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. மலசலகூடக் கதவு வேலைசெய்யும் அறைக்குள் திறக்கக்கூடாது. வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாமா, தனி அறை வேண்டுமா என்பதை இடத்தைப் பார்த்துத்தான் அவர் சொல்வார். தற்காலிகக் கொட்டிலில் வசிப்பவர்களுக்கு இந்தப் பதில் மிகவும் முக்கியம். தகரமும் தறப்பாளும் கொண்ட கொட்டிலில் அனுமதி கிடைக்காவிட்டால், நிரந்தர வீட்டின் திட்டத்திலேயே ஒரு சிறு வேலை அறையைச் சேர்த்துக்கொள்ளலாம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர் தெரிந்தால்தான் அது முடியும்.

மூன்றாவது வேலை செய்பவர்கள். உணவைக் கையாள்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்கப்படும். வீட்டில் எத்தனை பேர் கைகொடுப்பீர்களோ அத்தனை பேரையும் சொல்லுங்கள்.

நான்காவது பொருளே. ஈரம் போகக் காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும், அதிலிருந்து உண்டாகும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று கறுத்த மிளகாயை வாங்கினால், மாதிரி எடுக்கப்படும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். எடையைக் கூட்ட அரிசிமாவோ நிறத்துக்குச் சாயமோ சேர்ப்பதும் கலப்படக் குற்றமே.

வந்து பார்த்த பின் அவர் சொல்லும் குறைகளை எழுதித் தரும்படி கேளுங்கள், அல்லது அவர் முன்னிலையிலேயே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். “பரவாயில்லை, தொடங்குங்கோ” என்ற வாய்ச்சொல் அனுமதியாகாது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் வருபவருக்கு அந்தச் சொல் தெரியாது.

காணி யாருடையது?

இரண்டாவது கேள்வி மீள்குடியேறிய குடும்பங்களுக்கே உரியது. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, தொழில் நடக்கும் இடத்தின் உரித்தையோ பாவிக்கும் உரிமையையோ காட்டும் ஆவணம் கேட்கப்படும். உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முயற்சிக்கலாம். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். காணி மாமியாரின் பெயரிலோ வெளிநாட்டில் உள்ள சகோதரரின் பெயரிலோ இருந்தால், அவர் தரும் சம்மதக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ தேவைப்படும். எந்த வடிவில் தேவை என்று விண்ணப்பம் கொடுக்கும் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

உங்களுடையது அரச காணி அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் இன்னொரு படி உண்டு. அந்தப் பத்திரம் குடியிருக்கவோ பயிர் செய்யவோ என்று நிபந்தனையோடு தரப்பட்டது. அதில் மில் போன்ற தொழிற்கட்டிடம் எழுப்புவதற்கு முன்னர் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பத்திரத்தைக் காட்டி, அதற்கு இடமுண்டா என்று கேளுங்கள். புதிதாகக் கட்டிடம் எழுப்புவதானால் பிரதேச சபையின் கட்டிட அனுமதியும் வேண்டும். உதவி நிறுவனம் பணம் தருகிறது என்பதோ, பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதோ இந்த அனுமதிகளுக்குப் பதிலாகாது.

பதிவு வேறு, அனுமதிப்பத்திரம் வேறு

மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். “பிசினஸ் பதிஞ்சாச்சு” என்று சொல்லும் பலர், எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்கிறார்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவு என்பது, உங்கள் சொந்தப் பெயர் அல்லாத ஒரு பெயரில் வியாபாரம் செய்யும்போது அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அரசுக்குத் தெரிவிப்பது. இதைப் பிரதேச செயலகம் ஊடாகச் செய்கிறீர்கள். கிராம அலுவலரின் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான ஆவணம் ஆகியவை கேட்கப்படும். உணவுத் தொழில் என்றால் சுகாதாரப் பகுதியின் அறிக்கையையும் கேட்கலாம். அதனால்தான் பீ.எச்.ஐ.யை முதலில் சந்திக்கச் சொல்கிறோம். வங்கிக் கணக்கு, கடன், கடைகளோடு கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றுக்கு இந்தப் பதிவு உதவும். ஆனால் அந்த இடத்தில் அந்தத் தொழிலைச் செய்யலாம் என்று அது சொல்வதில்லை.

அதைச் சொல்வது பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். நகர எல்லைக்குள் இருந்தால் நகர சபை அல்லது மாநகர சபை. இதற்கு விண்ணப்பித்தால், சுகாதாரப் பகுதியின் சிபார்சைப் பார்த்தே சபை அனுமதி தரும். இந்த அனுமதிப்பத்திரம் அந்தந்த ஆண்டுக்கே செல்லுபடியாகும். டிசம்பர் 31 ஆம் திகதியோடு முடிந்துவிடும், ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். எனவே நவம்பரில் அனுமதிக்குத் தயாராகிறீர்கள் என்றால், இப்போதே எடுத்து மீண்டும் ஜனவரியில் கட்டணம் செலுத்துவதா, புத்தாண்டில் தொடங்குவதா என்று சபையில் கேட்டுத் தீர்மானியுங்கள்.

எல்லாக் கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் “நான் எடுத்துத் தாறன்” என்று வருபவரிடம் பணமோ மூலப் பத்திரமோ கொடுக்க வேண்டாம்.

மில் பூட்டுவதானால்

மூன்றாவது வடிவத்தைத் தெரிவு செய்பவர்கள் இந்தப் பகுதியை நன்றாக வாசிக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பட்டியலிடப்பட்ட தொழில்களை நடத்தச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. அரைக்கும் ஆலை, அரிசி ஆலை, தச்சுப்பட்டறை, இயந்திரத்தால் சீமெந்துக் கல் அரிதல், வாகனத் திருத்தகம் போன்றவை இவ்வாறு வருபவை. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை உரிமம் வழங்கும். சிறியவற்றுக்கு உங்கள் உள்ளூராட்சி சபை வழங்கும். அளவைப் பொறுத்து எந்தப் பட்டியலில் வருகிறீர்கள் என்பது மாறும். பட்டியல்களும் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகின்றன. எனவே இயந்திரத்தின் வலுவையும் மாத உற்பத்தியையும் எழுதிக்கொண்டு, பிரதேச செயலகத்தில் உள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

மிளகாய் அரைக்கும்போது பறக்கும் தூள் அயல்வீட்டுக் குழந்தையையும் மூச்சுத்திணறல் உள்ளவரையும் வருத்தும். மோட்டர் இரைச்சல் பாடசாலைக்கோ கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ இடைஞ்சலாக இருக்கும். அயலவர் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் உரிமம் தடைப்படலாம், பெற்ற உரிமமும் இடைநிறுத்தப்படலாம். இயந்திரத்தை எல்லை வேலியோரம் பூட்டிய பின் இந்தப் பிரச்சினை வந்தால், அதைப் பெயர்க்க வேண்டும், அத்திவாரத்தை மீண்டும் போட வேண்டும், மின் இணைப்பை மாற்ற வேண்டும். ஆகவே வளவில் எந்த மூலை என்பதை அயலவரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். வீட்டுப் பாவனைக்கான இணைப்பு வேறு, தொழில் இணைப்பு வேறு. மோட்டருக்கு மும்முனை மின்சாரம் தேவைப்பட்டால், உங்கள் வீதிக்கு அந்த வசதி வந்திருக்கிறதா, கம்பம் போட வேண்டுமா, அதற்கு எவ்வளவு செலவு என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் மதிப்பீடு கேளுங்கள். மீள்குடியேறிய கிராமங்களில் சில வேளைகளில் இந்தச் செலவு இயந்திரத்தின் விலையையே தாண்டிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பத்திடம் 100,000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. அவர்களின் முதல் திட்டம் இப்படி: இயந்திரமும் மோட்டரும் 60,000, தகரக் கொட்டிலும் சீமெந்துத் தரையும் 25,000, அச்சிட்ட பொதிகள் 10,000, மிளகாயும் சரக்கும் 5,000. முழுப் பணமும் தொழில் தொடங்குமுன்னரே முடிந்துவிடுகிறது.

அவர்கள் எதையும் வாங்காமல் இரண்டு வாரம் அலைந்து கேட்கிறார்கள். பீ.எச்.ஐ. வந்து, கொட்டில் வேண்டாம், கல்வீட்டின் பின்னறை போதும், தரையைச் சரிசெய்து யன்னலுக்கு வலை அடித்து, கூரைக்குக் கீழே தட்டு அடியுங்கள் என்கிறார். மின்சார அலுவலகம் மும்முனை இணைப்புக்குப் பெரிய தொகை சொல்கிறது. சுற்றாடல் உத்தியோகத்தர், அவர்கள் காட்டிய மூலை அயல்வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது என்கிறார்.

இப்போது திட்டம் மாறுகிறது. மில்லை ஒத்திவைத்து, இரண்டாவது வடிவத்தோடு தொடங்குகிறார்கள். அரைப்பதற்கு ஊர் மில்லுக்குக் கூலி கொடுக்கிறார்கள். அறையைச் சரிசெய்ய 25,000, தராசுக்கும் பொதி ஒட்டும் கருவிக்கும் 10,000, சரக்குக்கு 10,000, சிறிய தொகைச் சுட்டுத்துண்டுகளுக்கு 2,000, பரிசோதனை, கட்டணம், போக்குவரத்துக்கு 3,000. மொத்தம் 50,000. மீதி 50,000 வங்கியில் இருக்கிறது. ஆறு மாதம் விற்றுப் பார்த்த பிறகு, மில் வேண்டுமா என்பதை விற்பனையை வைத்தே தீர்மானிக்கலாம்.

இந்தக் குடும்பம் ஊர் மில்லில் அரைப்பிப்பதால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மில்லில் மாட்டுத் தீவனமோ வேறு பொருளோ அரைக்கப்பட்ட உடனே உங்கள் தூளை அரைத்தால், அந்தக் கலப்புக்கும் பொறுப்பு உங்கள் பொதியில் உள்ள பெயருக்கே. மில் சுத்தமாகக் கழுவித் துடைக்கப்பட்ட காலை நேரத்தில் முதல் ஆளாகப் போவது நல்லது.

சுட்டுத்துண்டைக் கடைசியாக அச்சிடுங்கள்

அழகான பொதியை முதலில் ஆயிரக்கணக்கில் அச்சிடுவது பலர் பணத்தை இழக்கும் இடம். பொதி செய்யப்பட்ட உணவில் உணவின் பெயர், சேர்ந்துள்ள பொருட்கள், தேறிய நிறை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், அதிகூடிய சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். எது எந்த மொழிகளில் இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. இவற்றில் ஒன்று விடுபட்டாலும், அல்லது பதிவில் வியாபாரப் பெயர் வேறாக வந்தாலும், அச்சிட்டது அத்தனையும் வீண்.

ஆகவே மாதிரியைக் கையால் ஒரு தாளில் எழுதி பீ.எச்.ஐ.யிடம் காட்டுங்கள். அவர் திருத்திய பின், வியாபாரப் பெயர்ப் பதிவு கைக்கு வந்த பின், முதலில் சில நூறு மட்டும் அச்சிடுங்கள். திகதி, தொகுதி இலக்கம், விலை ஆகியவை ஒவ்வொரு முறையும் மாறுவதால், அவற்றுக்கு வெற்றிடம் விட்டு முத்திரையால் குத்திக்கொள்ளலாம்.

வேறு தொழில் என்றால் வேறு கதவு

உங்கள் எண்ணம் தூள் தயாரிப்பு அல்ல என்றால், முதலில் தட்ட வேண்டிய கதவு மாறும். மணல், கிரவல் எடுப்பதற்குப் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகம். படகு வாங்கித் தொழிலுக்குப் போவதற்குக் கடற்றொழில் திணைக்களம். கள் இறக்குவதற்கு மதுவரித் திணைக்களம். பனங்கட்டி காய்ச்சுவது உணவுத் தொழிலாகையால் அதற்குப் பீ.எச்.ஐ.யும் வேண்டும். எந்தக் கதவு என்றே தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் தொழில் முயற்சிகளைக் கவனிக்கும் உத்தியோகத்தரிடம் உங்கள் ஆறு விடயத் தாளைக் காட்டுங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்காமல் திரும்ப வேண்டாம்:

இந்தத் தொழிலுக்கு, இந்த அளவில், உங்கள் அலுவலகத்தின் அனுமதி தேவையா?
இந்த இடம் பொருந்துமா, யார் வந்து பார்ப்பார், எப்போது?
என்னென்ன பத்திரங்கள் தர வேண்டும், கட்டணம் எவ்வளவு?
எவ்வளவு காலம் செல்லுபடியாகும், எப்போது புதுப்பிக்க வேண்டும்?
உங்களுக்குப் பின்னர் நான் வேறு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

பதில்களையும், பதில் சொன்னவரின் பதவியையும், திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எல்லா இடத்திலும் “இடம் பொருந்தும்” என்ற பதில் எழுத்தில் வந்த பின்னரே இயந்திரத்துக்கு முற்பணம் கொடுங்கள். அதற்கு முன்னர் செலவழிக்கத் தகுந்தவை பஸ் காசு, போட்டோப் பிரதி, தண்ணீர்ப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை ஆகியவை மட்டுமே.